மனநிலை மாற்றம் என்ற புகார்: பைபோலார் இரண்டாம் வகையா, பார்டர்லைன் ஆளுமையா?

கேள்வி: மனநல மருத்துவ முதுநிலைப் படிப்பின் இறுதியாண்டில் இருக்கிறேன். மனநிலை அடிக்கடி மாறுகிறது, கோபம், கட்டுப்பாடில்லாத செலவு, தற்கொலை முயற்சி என்று வரும் இளம்பெண்களைச் சிலர் பைபோலார் இரண்டாம் வகை என்கிறார்கள், சிலர் பார்டர்லைன் என்கிறார்கள். பட்டியலை வைத்துப் பார்த்தால் எனக்கு இரண்டுமே பொருந்துவதாகத் தெரிகிறது. எதை வைத்துப் பிரிப்பது?

பதில்:

பட்டியலை வைத்துப் பிரிக்க முடியாது. டி.எஸ்.எம்.-5 பார்டர்லைன் ஆளுமைக் கோளாறுக்குத் தரும் ஒன்பது அளவுகோல்களில் ஐந்து இருந்தால் போதும். அவற்றுள் யோசனையற்ற உந்துதல், நிலையற்ற மனநிலை, அடக்க முடியாத கோபம், தற்கொலை அல்லது தன்னைக் காயப்படுத்திக்கொள்ளும் நடத்தை ஆகிய நான்கும் பைபோலார் நோயாளியிடமும் காணக்கூடியவை. நான்கு ஏற்கெனவே கையில் இருக்கும்போது, மனச்சோர்வில் உள்ள எவரும் ஆமோதிக்கக்கூடிய வெறுமையுணர்வைச் சேர்த்தால் ஐந்து ஆகிவிடும். எதிர்த்திசையிலும் இதே கதைதான். பைபோலாருக்கென்று பரவலாகப் பயன்படும் மனநிலைக் கோளாறு வினாத்தாளில் எரிச்சல், சண்டை, செலவு, ஓடும் எண்ணங்கள், கவனச் சிதறல் என்று பதின்மூன்று வினாக்கள் உள்ளன. பார்டர்லைன் நோயாளி அவற்றில் ஏழுக்கு மேல் உண்மையாகவே ஆம் என்று எழுதிவிடுவார். ரோட் ஐலண்டில் மார்க் சிம்மர்மன் குழு செய்த ஆய்வில், பார்டர்லைன் உள்ளவர்களில் ஏறத்தாழ 40 சதவீதம் பேர் அதற்குமுன் எங்கோ பைபோலார் என்று தவறாகச் சொல்லப்பட்டிருந்தார்கள். பார்டர்லைன் இல்லாத மற்ற நோயாளிகளில் அந்த அளவு 10 சதவீதம்தான். உங்கள் குழப்பம் பயிற்சிக் குறைவால் வந்ததல்ல, அளவுகோல்களின் அமைப்பிலேயே இருக்கிறது.

பிரிப்பது காலத்தின் வடிவம். பைபோலார் என்பது எபிசோடுகளால் ஆன நோய். ஒருவர் தம் வழக்கமான நிலையிலிருந்து விலகுகிறார், அந்த விலகலில் சில நாட்களோ வாரங்களோ தங்குகிறார், பிறகு வெளியே வருகிறார். பார்டர்லைனில் அந்தக் கொந்தளிப்பே அவருடைய வழக்கமான நிலை. பதின்வயதின் நடுவிலிருந்தோ இறுதியிலிருந்தோ ஏறக்குறைய தொடர்ச்சியாக இருப்பது. ஆகவே நீங்கள் விடை தேட வேண்டியது இரண்டு கேள்விகளுக்கு, அதுவும் இந்த வரிசையில்: இவருடைய வாழ்க்கையில் தேதி குறிக்கத்தக்க ஒரு ஹைப்போமேனியாவாவது இருந்திருக்கிறதா? எந்த எபிசோடும் இல்லாத மாதங்களில் இவர் எப்படி இருந்தார்? முதல் கேள்விக்கு விடை தெரியாமல் பைபோலார் என்று எழுதக்கூடாது. இரண்டாவதற்கு விடை தெரியாமல் ஆளுமைக் கோளாறு என்று எழுதக்கூடாது. முழு மேனியா வந்தவரிடம் முதல் கேள்வி தானாகவே தீர்ந்துவிடும்; அவர் மருத்துவமனையில் சேர்ந்த குறிப்பு இருக்கும், ஊருக்கே தெரிந்திருக்கும். சிக்கல் எல்லாம் இரண்டாம் வகையில்தான்.

ஹைப்போமேனியாவுக்கு டி.எஸ்.எம்.-5 கேட்பது தொடர்ந்து குறைந்தது நான்கு நாட்கள், ஒவ்வொரு நாளும் பெரும்பகுதி நேரம். ஐ.சி.டி.-11 எண்ணைக் குறிப்பிடாமல் பல நாட்கள் என்று விட்டுவிடுகிறது. நான்கு என்ற எண்ணை நான் ஒரு வேலியாகத்தான் பார்க்கிறேன். மூன்று நாட்களில் முடிந்த உண்மையான ஹைப்போமேனியாவும் இருக்கிறது. ஆனால் டி.எஸ்.எம்.-5 செய்த இன்னொரு மாற்றம் மிகப் பயனுள்ளது. உயர்ந்த மனநிலையோ எரிச்சலோ மட்டும் போதாது, அதோடு சக்தியும் செயல்பாடும் கூடியிருக்க வேண்டும் என்று அது முதன்மை அளவுகோலிலேயே சேர்த்தது. எரிச்சல் மட்டுமே இருந்து மனம் உயரவில்லை என்றால், மற்ற அறிகுறிகளில் மூன்றுக்குப் பதில் நான்கு தேவை. பார்டர்லைன் நோயாளியின் கோபமான மூன்று நாட்களை ஹைப்போமேனியா என்று எழுதிவிடும் ஆபத்து பெரும்பாலும் இந்த வரிகளை மறந்துவிடுவதால் வருகிறது.

தூக்கத்தைக் கேட்கும் விதத்தில்தான் பாதி நோயறிதல் இருக்கிறது. "தூக்கம் குறைந்ததா?" என்று கேட்டால் இரு தரப்பும் ஆம் என்பார்கள். கேட்க வேண்டியது மறுநாளைப் பற்றி. ஹைப்போமேனியாவில் தூக்கத்தின் தேவையே குறைகிறது. மூன்று மணி நேரம் தூங்கிவிட்டு விழித்தவர் படுக்கையில் புரளாமல் எழுந்து வேலையைத் தொடங்குகிறார், பகலில் கண் சொக்குவதில்லை, இது பல நாட்கள் தொடர்கிறது. காதலனோடு விடியும்வரை சண்டையிட்டவர், அல்லது கைவிடப்படுவோமோ என்ற அச்சத்தில் கைப்பேசியைப் பார்த்தபடியே கிடந்தவர், மறுநாள் தலைவலியோடும் களைப்போடும் இருப்பார், வாய்ப்புக் கிடைத்ததும் தூங்குவார். முதலாவது தேவைக் குறைவு, இரண்டாவது தூக்கமின்மை. கோப்பில் இரண்டும் "தூக்கம் குறைவு" என்ற ஒரே சொற்றொடராகப் பதிவாகிவிடுகின்றன.

உணர்ச்சியின் நிறமும் சற்று உதவும். ஹென்றியும் அவருடன் பணியாற்றியவர்களும் 2001-இல் வெளியிட்ட ஆய்வில், பார்டர்லைன் உள்ளவர்களின் மனநிலை இயல்பிலிருந்து கோபத்துக்கும் பதற்றத்துக்கும் தாவியது. பைபோலார் இரண்டாம் வகையினரின் மனநிலை இயல்பிலிருந்து சோர்வுக்கும் களிப்புக்கும், சோர்விலிருந்து களிப்புக்கும் நகர்ந்தது. நோயாளி "சந்தோஷம்" என்று சொல்லும் அந்த மேல்முனையை விரித்துக் கேட்டால் பெரும்பாலும் இந்த வேறுபாடு தெரியும். பார்டர்லைனில் அது ஒருவர் திரும்ப வந்துவிட்டார் என்ற நிம்மதியாக இருக்கும். அவர் மீண்டும் விலகினால் அன்றே சரிந்துவிடும். ஹைப்போமேனியாவின் களிப்பு யாரையும் சார்ந்து நிற்பதில்லை, எதிரில் இருப்பவர் திட்டினாலும் கலைவதில்லை.

தூண்டுதல் இருந்ததா என்பதைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். உறவில் நேர்ந்த நிகழ்ச்சிக்குப் பின் வந்தது பார்டர்லைன், காரணமின்றி வந்தது பைபோலார் என்று வார்டில் சொல்லித் தருவார்கள். அது அரை உண்மை. இரவுப் பணி, பிரசவம், துக்கம், தேர்வில் வெற்றி எனப் பல நிகழ்ச்சிகள் பைபோலார் எபிசோடைத் தொடங்கி வைக்கின்றன. பார்க்க வேண்டியது தொடக்கத்தை அல்ல, தொடர்ச்சியை. தூண்டிய நிகழ்ச்சி தீர்ந்த பிறகும் நிலை தன்போக்கில் நீடித்தால் அது எபிசோடு. நிகழ்ச்சியோடு சேர்ந்து ஏறி, அது தீர்ந்ததும் இறங்கினால் அது எதிர்வினை.

இனி ஓர் உதாரணம். அடையாளம் தெரியாதபடி பலருடைய விவரங்களைக் கலந்து, கற்பிப்பதற்காக அமைத்தது.

வயது 24, கோயம்புத்தூரில் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை. காதலனோடு சண்டையிட்ட இரவில் வீட்டிலிருந்த தூக்க மாத்திரைகளை மொத்தமாக விழுங்கி, பொது மருத்துவப் பிரிவில் இரண்டு நாள் இருந்துவிட்டு நம்மிடம் அனுப்பப்படுகிறார். கையிலுள்ள கோப்பில் பைபோலார் இரண்டாம் வகை என்று உள்ளது. ஆதாரமாக எழுதப்பட்டவை: ஒரே நாளில் பலமுறை மாறும் மனநிலை, ஒரே நேரத்தில் 40,000 ரூபாய்ச் செலவு, ஒரு வாரம் தூக்கம் குறைந்து உற்சாகமாக இருந்தது, எரிச்சல். பதினான்கு மாதங்களாகச் சோடியம் வால்ப்ரோயேட் 1000 மி.கி., குவெட்டியபின் 200 மி.கி. எடுத்துவருகிறார். யூனிட்டில் இரண்டு கட்சிகள் உருவாகிவிட்டன.

ஒவ்வோர் ஆதாரத்தையும் தனித்தனியே பிரித்துக் கேட்க வேண்டும். பலமுறை மாறும் மனநிலை என்பதற்கு, அண்மையில் நன்றாக நினைவிருக்கும் ஒரே ஒரு நாளை எடுத்து மணிவாரியாகச் சொல்லச் சொல்லலாம். காலையில் அனுப்பிய செய்திக்குப் பதில் வரவில்லை, வயிற்றைப் பிசையும் பயம். பத்து மணிக்குப் பதில் வந்தது, ஒரே மகிழ்ச்சி. மதிய உணவில் தோழி சொன்ன ஒரு சொல்லால் கோபம், எழுந்து போய்விட்டார். மாலையில் அறையில் தனியே வெறுமை, பிளேடால் முன்கையில் கீறல், அதன்பின் சற்று அமைதி. ஒவ்வொரு மாற்றமும் சில மணி நேரம், ஒவ்வொன்றின் முன்னும் ஓர் ஆள் இருக்கிறார். இதை வேகச் சுழற்சி பைபோலார் என்று கோப்பில் எழுதுபவர்கள் உண்டு. வேகச் சுழற்சி என்பது பன்னிரண்டு மாதங்களில் நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட முழு எபிசோடுகள். ஒரு நாளில் நான்கு மாற்றங்கள் அல்ல.

செலவுக்கு வங்கிக் குறுஞ்செய்திகளைப் பார்க்கச் சொல்லலாம். அவற்றில் தேதியும் நேரமும் இருக்கின்றன. இவர் கைப்பேசியில் எல்லாக் கொள்முதலும் ஒரே மாலையில் இரண்டு மணி நேரத்துக்குள் நடந்திருந்தன. அதற்கு முந்தைய மணியில் காதலனின் அழைப்பு துண்டிக்கப்பட்டிருந்தது. அன்றிரவு நன்றாகத் தூங்கியிருக்கிறார், மறுநாள் பாதிப் பொருட்களைத் திருப்பி அனுப்பிவிட்டார். முன்னும் பின்னும் உள்ள நாட்களில் செயல் கூடியதற்கோ பேச்சு கூடியதற்கோ தடயம் இல்லை. உற்சாகமான அந்த ஒரு வாரமோ பிரிந்த காதலன் திரும்ப வந்த வாரம். இரவு முழுதும் தொலைபேசியில் பேசியதால் தூக்கம் குறைந்தது. அலுவலகத்தில் மேசையிலேயே தூங்கி மேலாளரிடம் திட்டு வாங்கியிருக்கிறார். ஆக, கோப்பில் பைபோலாருக்கு ஆதாரமாக எழுதிய எதுவும் தேறவில்லை.

இந்த இடத்தில் பெரும்பாலோர் நிறுத்திவிட்டு, முந்தைய நோயறிதல் தவறு, இது பார்டர்லைன் என்று எழுதி மருந்துகளைக் குறைக்கத் தொடங்குவார்கள். ஒருவர் எழுதிய காரணம் தவறு என்பதாலேயே அவர் வந்த முடிவும் தவறாகிவிடாது. ஹைப்போமேனியாவை நோயாளிகள் புகாராகக் கொண்டுவருவதே இல்லை. அது அவர்களுக்கு நன்றாக இருந்த காலம். அதைத் தேடிப் போகத்தான் வேண்டும்.

தேடும் வழி, மனச்சோர்விலிருந்து பின்னோக்கிப் போவது. வாரக்கணக்கில் நீடித்த சோர்வு எப்போது வந்தது என்று கேட்டு, அதற்கு முந்தைய ஒரு மாதத்தையும் முடிந்த பிறகான ஒரு மாதத்தையும் குடைய வேண்டும். இவருக்கு 21 வயதில், கல்லூரி இறுதியாண்டில், ஏறத்தாழ இரண்டு மாதம் அப்படி ஒரு சோர்வு வந்திருக்கிறது. நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம் தூங்கி, தேர்வையே எழுதவில்லை. அதற்குமுன் எப்படி இருந்தீர்கள் என்றால், "சூப்பரா இருந்தேன் சார்" என்கிறார். இவருடைய ஒப்புதலோடு அண்ணனிடமும் விடுதியில் அறையைப் பகிர்ந்த தோழியிடமும் பேசியபோது ஒன்பது நாட்கள் வெளிவருகின்றன. விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து அறையைக் கழுவியிருக்கிறார். வகுப்புக் குழுவில் அந்த நேரத்தில் அனுப்பிய நீளமான குரல் செய்திகள் தோழியின் கைப்பேசியில் இன்னும் இருக்கின்றன. கவரிங் நகை வியாபாரம் தொடங்கப்போவதாக மூன்று மொத்த வியாபாரிகளிடம் சரக்குச் சொல்லியிருக்கிறார். முதல்வர் அறைக்குப் போய்ப் பாடத்திட்டத்தை மாற்றும் யோசனைகளைச் சொல்லியிருக்கிறார். குறுக்கிட முடியாத அளவுக்குப் பேசினார், பகலில் களைப்பே இல்லை, வழக்கமாக ஒதுங்கியிருக்கும் பெண்ணா இது என்று எல்லோரும் வியந்தார்கள். அப்போது காதலன் இல்லை, சண்டை இல்லை, மனச்சோர்வு மருந்தோ போதைப் பொருளோ எடுக்கவில்லை. 23 வயதிலும் அதேபோல் ஐந்து நாட்கள் உண்டு. அலுவலகத்தில் அதைக் கூடுதல் உழைப்பு என்று பாராட்டியிருக்கிறார்கள், அதற்குப் பிறகும் சோர்வு வந்திருக்கிறது. மூன்றாவது சந்திப்பில் அண்ணன் தயங்கித் தயங்கி, தாய்மாமன் பல வருடங்கள் லித்தியம் சாப்பிட்டவர் என்கிறார். நம் குடும்பங்களில், அதுவும் வீட்டில் வரன் பார்க்கும் வயதில் பெண் இருக்கும்போது, குடும்ப வரலாறு "ஒன்றும் இல்லை" என்று முதல் நாளில் சொல்லப்பட்டால் அதை நான் விடை வராத கேள்வியாகவே குறித்து வைப்பேன்.

ஆகவே பைபோலார் இரண்டாம் வகை உண்மை, ஆனால் கோப்பு சொன்ன காரணங்களுக்காக அல்ல. தைராய்டு அளவை ஒருமுறை பார்த்துவிட வேண்டும்; இவருக்கு அது இயல்பு.

இரண்டாவது கேள்வி மிஞ்சியிருக்கிறது. எபிசோடுகளை ஒரு காலக்கோட்டில் குறித்துவிட்டால் அவற்றுக்கு நடுவிலுள்ள வெற்றிடம் கண்ணுக்குத் தெரியும். இவருக்கு முதல் சோர்வு தீர்ந்து இரண்டாவது உயர்வு வரும்வரை ஒரு வருடத்துக்கும் மேல். அந்த மாதங்களில் தூக்கமும் பசியும் இயல்பு, வேலைக்குச் சேர்ந்து ஒழுங்காகப் போயிருக்கிறார். அதே மாதங்களில்தான் கையைக் கீறிக்கொள்வது, ஒருவரைத் தெய்வமாகக் கொண்டாடி ஒரு வாரத்தில் துரோகி என்று வெட்டிவிடுவது, துணை ஊருக்குப் போனாலே விட்டுப் போகிறார் என்ற பீதி, தான் யார் என்பதே புரியவில்லை என்று வேலையையும் உடையையும் மதப் பற்றையும் மாற்றிக்கொண்டே இருப்பது, தனிமையில் வெறுமை, கடும் நெருக்கடியில் தன் உடலை வெளியிலிருந்து பார்ப்பதுபோல் சில நிமிடங்கள் ஆகியவை இருக்கின்றன. கீறல் பதினைந்து வயதில் தொடங்கியது, அதாவது முதல் எபிசோடுக்கு ஆறு வருடங்கள் முன்பு. இங்கே கவனியுங்கள்: நான் எடை கொடுப்பது பைபோலாரோடு பகிரப்படாத அளவுகோல்களுக்கு. கைவிடப்படும் அச்சம், உறவில் இருமுனைப் பார்வை, தன்னடையாளக் குழப்பம், நெருக்கடியில் மட்டும் வரும் டிசோசியேஷனோ சந்தேகமோ ஆகியவை எபிசோடு இல்லாத காலத்தில் இருந்தால் அவற்றுக்குப் பைபோலார் விளக்கமாகாது. கோபத்தையும் செலவையும் நான் எண்ணிக்கையில் சேர்ப்பதே இல்லை.

எனவே இவருக்கு இரண்டும் இருக்கின்றன. இது அரிதல்ல; பார்டர்லைன் உள்ளவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்குப் பைபோலாரும், பைபோலார் இரண்டாம் வகையினரில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்குப் பார்டர்லைனும் இருப்பதாக ஆய்வுத் தொகுப்புகள் காட்டுகின்றன. "இதுவா அதுவா" என்று யூனிட்டில் வாதிடும் இரு கட்சியினரும் ஐந்தில் நால்வரைப் பற்றித்தான் சரியாகப் பேசுகிறார்கள்.

இந்த முறை வழுக்கும் இடங்களும் உண்டு. மிக மோசமானது கலப்பு நிலை. மனச்சோர்வுக்குள்ளேயே ஓடும் எண்ணங்கள், அடங்காத பேச்சு, உடல் பரபரப்பு, எரிச்சல், தற்கொலை உந்துதல் ஆகியவை சேர்ந்து வரும்போது, அன்றைக்குப் பார்ப்பவருக்கு அவர் முழுப் பார்டர்லைனாகவே தெரிவார்: ஊழியரைத் திட்டுவார், அழுவார், கையைக் கீறிக்கொள்வார், ஒரு மணி நேரத்தில் மன்னிப்புக் கேட்பார். டி.எஸ்.எம்.-5 மனச்சோர்வில் கலப்பு அம்சங்களை எண்ணும்போது எரிச்சலையும் கவனச் சிதறலையும் பரபரப்பையும் விட்டுவிடுகிறது, அவை இரு முனைகளுக்கும் பொது என்பதால். அது ஆய்வுக்குச் சரி. அவசரப் பிரிவில் உங்கள் கண்ணில் முதலில் படுவது அவைதாம். அங்கு உதவுவது ஒரே கேள்வி: இவர் மூன்று மாதத்துக்கு முன்பும் இப்படியா? வீட்டார் "இல்லை டாக்டர், இது எங்கள் பிள்ளையே இல்லை" என்றால் எபிசோடை நினையுங்கள். "எட்டாம் வகுப்பிலிருந்தே இப்படித்தான்" என்றால் ஆளுமையை நினையுங்கள். எபிசோடு நடக்கும்போது ஆளுமைக் கோளாறு என்ற முடிவை எழுதவே வேண்டாம். சந்தேகம் என்று குறித்து, தெளிந்து சில வாரங்களுக்குப் பிறகு பாருங்கள். ஐ.சி.டி.-11 ஆளுமைக் கோளாறுக்கு இரண்டு வருட அளவிலான தொடர்ச்சியைக் கேட்பது இதற்காகவும் பயன்படுகிறது.

அடுத்தது சைக்ளோதைமியா. இரண்டு வருடங்களுக்கு மேல், பாதிக்கும் அதிகமான நாட்கள், எந்த முனையிலும் முழு எபிசோடு ஆகாத ஏற்ற இறக்கங்கள்; இரண்டு மாதங்கள்கூடத் தொடர்ந்து அமைதி இல்லை. எபிசோடு இல்லாத மாதத்தைப் பாருங்கள் என்று நான் சொன்ன அறிவுரை இங்கே கைகொடுக்காது, ஏனெனில் அப்படி ஒரு மாதமே கிடைக்காது. இதற்கு மூன்று மாத நாட்குறிப்பைத் தவிர நல்ல வழி எனக்குத் தெரியவில்லை: படுத்த நேரம், எழுந்த நேரம், சக்தி பத்துக்கு எத்தனை, அன்று யாரோடு என்ன நடந்தது. சக்தியும் தூக்கமும் நாட்கணக்கில் ஒன்றாக நகர்கின்றனவா, அல்லது நாட்குறிப்பில் கடைசியாகக் குறித்த அன்றைய நிகழ்ச்சியோடு மட்டும் மனநிலை நகர்கிறதா என்பது எட்டாவது வாரம் வாக்கில் பெரும்பாலும் புலப்படும்.

மருந்துக்குக் கிடைத்த பலனை நோயறிதலாக்குவது மூன்றாவது வழுக்கல். குவெட்டியபின் கொந்தளிப்பில் உள்ள யாரையும் அமைதிப்படுத்தும், தூங்க வைக்கும். லாமோட்ரிஜின் கொடுத்து நிலையானார் என்பதும் ஆதாரமல்ல. பிரிட்டனில் 276 பார்டர்லைன் நோயாளிகளிடம் நடந்து 2018-இல் வெளியான லேபைல் ஆய்வில், லாமோட்ரிஜின் எடுத்தவர்களும் போலி மாத்திரை எடுத்தவர்களும் ஓராண்டில் வேறுபடவில்லை. பார்டர்லைன் நெருக்கடிகள் தாமாகவே சில நாட்களில் தணிகின்றன. அந்த நேரத்தில் கையிலிருந்த மருந்துக்குப் பெயர் போய்விடுகிறது.

நான்காவது நம்முடைய எரிச்சல். ஒரு நோயாளியை வார்டே வெறுக்கத் தொடங்கினால் அவர் பார்டர்லைன் என்று முடிவுகட்டுவது மிகப் பழைய பழக்கம். எரிச்சல் மிகுந்த ஹைப்போமேனியாவும் ஊழியர்களை அதே அளவுக்குச் சீண்டும், இரு அணியாகப் பிரிக்கும். நமக்குள் எழும் உணர்ச்சி ஒரு துப்புதான். காலக்கோட்டின் இடத்தில் அதை வைக்க முடியாது.

உதாரணத்துப் பெண்ணுக்கு இந்தப் பிரிப்பு என்ன செய்தது? இப்போதைய மாத்திரை விழுங்கல் எந்த எபிசோடுக்குள்ளும் வரவில்லை. அதற்கு முந்தைய வாரங்களில் தூக்கமும் பசியும் வேலையும் இயல்பு. ஆகவே குவெட்டியபினைக் கூட்டுவது அதற்கு விடையல்ல. நெருக்கடித் திட்டம் எழுதுவது, மாத்திரைகளை வாரத்துக்கு மட்டும் அண்ணனிடம் கொடுப்பது, சந்திப்புகளை முன்கூட்டியே நிலையாகக் குறிப்பது, மார்ஷா லைனஹன் வகுத்த இயங்கியல் நடத்தைச் சிகிச்சையின் திறன்களைக் கற்பிப்பது ஆகியவை விடை. முழுத் திட்டமும் நடத்த ஆளில்லாத மருத்துவமனையிலும், உறுதியான அட்டவணையோடு ஒரே மருத்துவர் தொடர்ந்து பார்ப்பது சாத்தியம். இன்னொரு பக்கம், பைபோலார் உறுதியானதால் நிலைப்படுத்தும் மருந்தை நிறுத்துவது தவறு. ஆனால் 24 வயதுப் பெண்ணுக்கு வால்ப்ரோயேட் ஏற்றதல்ல. கர்ப்பத்தில் அதை எடுத்தால் பத்தில் ஒரு குழந்தைக்கு உடற்குறைபாடும், பத்தில் மூன்று நான்கு பேருக்கு வளர்ச்சிச் சிக்கலும் வரக்கூடும். லித்தியம் நல்ல மருந்துதான். ஆனால் மொத்தமாக விழுங்கும் பழக்கம் உள்ளவரிடம் அதைத் தொடங்க, வீட்டில் மாத்திரையைப் பூட்டிவைக்க ஆள் வேண்டும். லாமோட்ரிஜினுக்கு மாற்றினால், வால்ப்ரோயேட் உடனிருக்கும்வரை ஒருநாள் விட்டு ஒருநாள் 25 மி.கி. என்று வழக்கத்தின் பாதியில் தொடங்க வேண்டும். சண்டை வந்தால் மாத்திரையைக் குப்பையில் போடும் நோயாளியிடம் இன்னொன்றையும் சொல்லி வையுங்கள்: ஐந்து நாட்களுக்கு மேல் விட்டுப்போனால் பழைய அளவிலேயே மறுபடி எடுக்கக் கூடாது, தோல் தடிப்பு ஆபத்தால் அடியிலிருந்து ஏற்ற வேண்டும். தனியே மனச்சோர்வு மருந்து கொடுப்பதும் இவருக்கு இனி இல்லை. பார்டர்லைன் மட்டும் என்று முடிவு செய்திருந்தால் அடுத்த சோர்வில் அது நடந்திருக்கும்.

நோயாளியிடம் இரண்டையும் பெயர் சொல்லி விளக்கலாம். பார்டர்லைன் என்ற பெயரை மறைத்துப் பைபோலார் என்று மட்டும் சொல்வது கருணையாகத் தோன்றும். அதன் விளைவாக ஒவ்வொரு சண்டைக்குப் பிறகும் அவர் மருந்து மாற்றக் கேட்டு வருவார். பார்டர்லைனின் போக்கைப் பற்றிச் சொல்ல நல்ல செய்தியும் இருக்கிறது. மக்லீன் மருத்துவமனையின் நீண்டகால ஆய்வில் பத்து ஆண்டுகளுக்குள் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் குறைந்தது இரண்டு ஆண்டுகள் நீடித்த அறிகுறித் தணிவை அடைந்தார்கள். அதில் வேலையும் உறவும் உட்பட முழு மீட்சி கண்டவர்கள் பாதிப் பேர்தான் என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள்.

கடைசியாக, கோப்பில் எழுதும் விதம். "பைபோலார் இரண்டாம் வகை" என்று மட்டும் எழுதாமல், எந்த வருடம், எத்தனை நாட்கள், எத்தனை மணி நேரத் தூக்கம், யார் பார்த்தார்கள், அப்போது என்ன மருந்தில் இருந்தார் என்று நான்கு வரி எழுதுங்கள். ஆளுமைக் கோளாறுக்கு, எந்த மாதங்களை எபிசோடு இல்லாத காலமாக எடுத்துக்கொண்டு மதிப்பிட்டீர்கள் என்பதை எழுதுங்கள். அடுத்த மூன்று வருடங்களில் கீறலும் பீதியும் தணிந்து எபிசோடுகள் மட்டும் வந்தாலோ, 21 வயதின் அந்த ஒன்பது நாட்களுக்கு வேறு விளக்கம் கிடைத்தாலோ, அடுத்து பார்க்கும் மருத்துவர் எந்த வரியை அடிக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியும்.